தோட்டச் சராசரியில் 0.99, பிள்ளைகளிடம் 0.41: அதே கணக்குத்தான்

கேள்வி: ஐயா, பேராக்கில் ஒரு தோட்டப்புற ஊரில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் டியூஷன் போகிறார்கள், கணிதத்தில் எவ்வளவு புள்ளி எடுத்தார்கள் என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதினோம். ஒவ்வோர் இடத்துக்கும் சராசரி எடுத்து ஒட்டுறவு பார்த்தால் 0.9-க்கு மேல் வருகிறது. அதே பிள்ளைகளைத் தனித்தனியாகப் போட்டால் 0.4 பக்கம்தான் நிற்கிறது. எக்செலில் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? கூட்டத்தில் பெற்றோரிடம் எந்த எண்ணைச் சொல்வது?

பதில்:

எக்செலில் தப்பு எதுவும் இல்லை. இரண்டு எண்ணும் சரியாகத்தான் வந்திருக்கின்றன. ஒட்டுறவு 1-ஐ நெருங்க நெருங்க மணியும் புள்ளியும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்று பொருள், 0-வை நெருங்கினால் அந்த இணைப்பு தளர்ந்துபோகிறது. ஆனால் அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள். முதல் எண் இடங்களைப் பற்றியது, இரண்டாவது பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர் தங்கள் பிள்ளையை நினைத்துக்கொண்டு கேட்கப்போகிறார்கள். அவர்கள் முன் 0.9-ஐ வைத்தால், "டியூஷன் போனால் புள்ளி வந்துவிடும், போகாவிட்டால் வராது" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தரவு அப்படிச் சொல்லவில்லை. மாதக் கட்டணமும் வேன் காசும் சேர்த்துப் பார்க்க வேண்டிய குடும்பங்கள் என்பதால், இதைச் சரியாகச் சொல்வது முக்கியம்.

உங்கள் பட்டியல் என் கையில் இல்லை. அதனால் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சிறு கணக்கை நானே அமைத்துத் தருகிறேன். இவை கற்பனை எண்கள்; எந்த ஊரிலும் எடுத்தவை அல்ல. நான்கு இடங்கள், இடத்துக்கு நான்கு பிள்ளைகள். மேல் வரி வாரத்துக்கான டியூஷன் மணி, கீழ் வரி அதே பிள்ளைகளின் கணிதப் புள்ளி.

```
உள்தோட்டம்       மணி     1   1   3   3
                 புள்ளி  38  58  42  62

சாலையோரத் தோட்டம்  மணி     2   2   4   4
                 புள்ளி  43  63  47  67

தாமான்            மணி     3   3   5   5
                 புள்ளி  45  65  49  69

டவுன்             மணி     4   4   6   6
                 புள்ளி  50  70  54  74
```

இடத்துக்கு இடம் சராசரி எடுங்கள். மணி 2, 3, 4, 5 என்று ஏறுகிறது. புள்ளி 50, 55, 57, 62 என்று ஏறுகிறது. இந்த நான்கு ஜோடிகளுக்கும் ஒட்டுறவு 0.99. பதினாறு பிள்ளைகளையும் தனித்தனியாகப் போட்டால் 0.41. உங்களுக்கு வந்த அதே நிலைதான்.

இப்போது ஒவ்வோர் இடத்துக்குள்ளும் பாருங்கள். உள்தோட்டத்தில் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் போகும் இருவரில் ஒருவர் 38, இன்னொருவர் 58. மூன்று மணி நேரம் போகும் இருவரில் ஒருவர் 42, இன்னொருவர் 62. ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே வேனில் போய்வரும் பிள்ளைகளுக்கு இடையே இருபது புள்ளி இடைவெளி. பிள்ளையின் ஆர்வம், வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்கிறதா, தேர்வன்று காய்ச்சலா, இப்படி எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். இந்த இருபது புள்ளி வித்தியாசம் நான்கு இடத்திலும் இருக்கிறது. சராசரி எடுத்ததும் அது இருந்த தடமே தெரியாமல் போய்விடுகிறது.

எவ்வளவு போகிறது என்று அளக்கலாம். ஒவ்வொரு புள்ளியும் மொத்தச் சராசரியான 56-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் 1960 வரும். இதில் இடங்களுக்கு இடையேயான வித்தியாசத்தால் வருவது 296 மட்டுமே, அதாவது 15 விழுக்காடு. மீதி 85 விழுக்காடு ஒவ்வோர் இடத்துக்குள்ளும் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசம். நீங்கள் சராசரி எடுத்த அந்த நிமிடமே, ஒட்டுறவைக் கணக்கிடத் தொடங்கும் முன்பே, இந்த 85 விழுக்காடு மேசையிலிருந்து இறங்கிவிட்டது. எஞ்சிய 15 விழுக்காட்டோடு டியூஷன் மணி எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் 0.99 சொல்கிறது.

பல விளக்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடும்: "சராசரி எடுத்தால் சிதறல் குறையும், அதனால் ஒட்டுறவு கூடும்" என்று. கேட்கச் சரியாக இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். சராசரி எடுப்பது மட்டுமே ஒட்டுறவைக் கூட்டாது. இதைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

ஒட்டுறவு என்பது ஒரு விகிதம். மேலே இருப்பது மணியும் புள்ளியும் சேர்ந்து மாறும் அளவு. கீழே இருப்பவை மணி தனியாக மாறும் அளவும் புள்ளி தனியாக மாறும் அளவும். அந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறோம். நம் பதினாறு பிள்ளைகளுக்குப் புள்ளியின் அளவு முன்பு பார்த்த 1960, அதே முறையில் மணியின் அளவு 36. ஒவ்வொரு பிள்ளையின் மணி விலகலையும் புள்ளி விலகலையும் பெருக்கிக் கூட்டினால் சேர்ந்து மாறும் அளவு 108.

இந்தப் பதினாறு பெயர்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்துச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? பலமுறை குலுக்கிப் பார்த்தால், மூன்று அளவுகளிலும் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான் குழுக்களுக்கு இடையே மிஞ்சும். மேலேயும் ஐந்தில் ஒரு பங்கு, கீழேயும் ஐந்தில் ஒரு பங்கு. விகிதம் மாறாது. ஒவ்வொரு குலுக்கலிலும் எண் மேலும் கீழும் ஆடும். நான்கே குழு என்பதால் நன்றாகவே ஆடும். ஆனால் ஒட்டுறவை மேலே தூக்கும் விசை எதுவும் அதில் கிடையாது. சிதறல் குறைந்தது உண்மை, ஆனால் எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தது.

இடவாரியாகப் பிரித்தபோது நடந்தது வேறு. மணியின் மாறுபாட்டில் 36-க்கு 20, அதாவது 56 விழுக்காடு மிஞ்சியது. புள்ளியில் 15 விழுக்காடுதான் மிஞ்சியது. சேர்ந்து மாறும் அளவிலோ 108-க்கு 76, அதாவது 70 விழுக்காடு மிஞ்சியது. மேலே உள்ளது பெரும்பாலும் தப்பித்துவிட்டது, கீழே உள்ளது நொறுங்கிவிட்டது. அதனால்தான் 0.41 என்பது 0.99 ஆனது.

ஏன் இப்படி? ஏனென்றால் பிள்ளைகள் குலுக்கல் முறையில் தோட்டங்களில் குடியேறவில்லை. டியூஷன் நிலையம் டவுனில் இருக்கிறது. உள்தோட்டத்திலிருந்து அங்கு வர செம்மண் பாதையில் நீண்ட தூரம். அப்பா குலை வெட்டிவிட்டுத் திரும்பும் நேரமும் வகுப்பு தொடங்கும் நேரமும் ஒத்துவர வேண்டும். தாமானில் இருப்பவருக்கு மோட்டார்சைக்கிளில் கொஞ்ச நேரம்தான். ஆக, தோட்டம் என்ற கோடு வெறும் நிலக்கோடு இல்லை. பிள்ளைகளை டியூஷன் மணிப்படி ஏற்கெனவே வரிசைப்படுத்தி வைத்திருக்கும் கோடு அது. நாம் பார்க்க விரும்பும் காரணிப்படியே குழு பிரிந்திருந்தால், அந்தக் காரணியின் வித்தியாசம் சராசரியிலும் தங்கிவிடும். அதோடு சம்பந்தமில்லாத மற்ற வித்தியாசங்கள் குழுவுக்குள்ளேயே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

அதே பதினாறு பேரை வைத்தே இதைச் சோதிக்கலாம். இடத்தை மறந்துவிட்டு மணிப்படி ஆறு குழுவாகப் பிரியுங்கள்: ஒரு மணி போகிறவர்கள் ஒரு குழு, இரண்டு மணி போகிறவர்கள் ஒரு குழு, இப்படியே. ஆறு சராசரிகளின் ஒட்டுறவு 0.98. இப்போது வேறு விதமாகப் பிரியுங்கள். நான்கு இடங்களின் முதல் வரிசைப் பிள்ளைகள் ஒரு குழு, இரண்டாவது பிள்ளைகள் ஒரு குழு, மூன்றாவது, நான்காவது என்று. ஒவ்வொரு குழுவிலும் எல்லா இடத்துப் பிள்ளையும் கலந்திருப்பார்கள். அந்த நான்கு சராசரிகளின் ஒட்டுறவு 0.20. ஒரு பிள்ளையின் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கோட்டை எங்கே போட்டோம் என்பது மட்டுமே மாறியது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் 1950-இல் எழுதிய கட்டுரையில், 1930-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் கறுப்பினத்தவராக இருப்பதற்கும் எழுத்தறிவு இல்லாமைக்கும் உள்ள ஒட்டுறவைப் பார்த்தார். தனிமனிதர்களிடம் அது 0.203. 48 மாநிலங்களின் விழுக்காடுகளை வைத்துப் போட்டால் 0.773. நாட்டை ஒன்பது பெரும் வட்டாரங்களாகப் பிரித்துப் போட்டால் 0.946. குழு பெரிதாகப் பெரிதாக எண் ஏறுவதைக் கவனியுங்கள்.

அவர் காட்டிய இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. அதே கணக்கெடுப்பில் வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறியாதோர் சற்று அதிகம். தனிமனித ஒட்டுறவு 0.118. மாநிலவாரியாகப் போட்டால் அது -0.526. குறியே திரும்பிவிட்டது. குடியேறிகள் அதிகம் போய்ச் சேர்ந்தவை, உள்ளூர்க்காரர்களிடையே எழுத்தறிவு உயர்ந்திருந்த மாநிலங்கள். குடியேறிகள் நிறைந்த மாநிலத்தில் எழுத்தறிவு அதிகமாகத் தெரிந்ததற்கு அவர்கள் காரணமில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் காரணம். எனவே குழுச் சராசரி உறவைப் பெரிதாக்கும் என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். குழுக்கள் எப்படி அமைந்தன என்பதைப் பொறுத்து அது எந்தப் பக்கமும் போகும். தோட்டம் போல, ஒரே வசதியோ ஒரே குறைபாடோ பகிர்ந்துகொள்ளும் மக்கள் ஒன்றாக வாழும் இடங்களில் பெரிதாவதே வழக்கமாகக் காண்பது.

இனி சாய்வைப் பார்ப்போம். பெற்றோர் மனதில் இருக்கும் கேள்விக்கு ஒட்டுறவைவிட இதுதான் பொருத்தம்: ஒரு மணி நேரம் கூடினால் எத்தனை புள்ளி கூடுகிறது?

பதினாறு பிள்ளைகளையும் சேர்த்துப் போட்டால் மணிக்கு 3 புள்ளி. இடங்களின் சராசரியில் 3.8 புள்ளி. ஒரே இடத்துப் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டால் 2 புள்ளி மட்டுமே. மணிப்படி ஆறு குழுவாகப் பிரித்தோமே, குழுவில் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் எடுத்தால் அங்கே சாய்வு அதே 3. ஒட்டுறவு 0.41-லிருந்து 0.98-க்குப் போனது, சாய்வு அசையவே இல்லை.

இதிலிருந்து இரண்டு தனித்தனி விஷயங்கள் பிரிந்து தெரிகின்றன. ஒன்று, சிதறல் மறைவதால் மட்டும் ஒட்டுறவு ஏறுவது. மணிப்படி பிரித்தபோது நடந்தது இதுதான். உறவின் அளவு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த இரைச்சல் மட்டும் போனது. மற்றொன்று, இடங்களுக்கு இடையே வேறு ஏதோ ஒன்று சேர்ந்து மாறுவதால் சாய்வே மாறுவது. இடவாரிச் சாய்வு 3.8, இடத்துக்குள் 2. நடுவில் இருக்கும் 1.8 டியூஷனின் கணக்கில் எழுத வேண்டியதல்ல என்று சந்தேகிக்க இடமுண்டு. டவுன் பிள்ளைக்கு டியூஷன் மட்டுமா அதிகம்? நூலகம் பக்கத்தில் இருக்கலாம், இணைய வசதி ஒழுங்காக இருக்கலாம், பெற்றோர் கூடுதலாகப் படித்திருக்கலாம், ஆசிரியர் அடிக்கடி மாற்றலாகிப் போகாமல் இருக்கலாம். சராசரியில் இவையெல்லாம் டியூஷன் மணியின் முதுகில் ஏறிக்கொள்கின்றன.

உங்கள் பட்டியலில் இதைச் செய்வது எளிது. A பத்தியில் இடம், B-யில் மணி, C-யில் புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் மணியிலிருந்தும் அவர் இடத்தின் சராசரி மணியைக் கழித்து D-யில் போடுங்கள். புள்ளிக்கும் அப்படியே செய்து E-யில் போடுங்கள். முதல் வரிசையில் எழுதிவிட்டுக் கீழே இழுத்தால் போதும். பதினாறு பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும்:

```
D2:  =B2-AVERAGEIF($A$2:$A$17,A2,$B$2:$B$17)
E2:  =C2-AVERAGEIF($A$2:$A$17,A2,$C$2:$C$17)

=CORREL(D2:D17,E2:E17)
=SLOPE(E2:E17,D2:D17)
```

மேலே உள்ள என் எண்களை முதலில் தட்டிப் பார்த்தால் கடைசி இரண்டு வரியும் 0.196, 2 என்று தர வேண்டும். வந்தால் சூத்திரம் சரி. பிறகு உங்கள் எண்களை ஒட்டி, 17 என்ற இடத்தில் உங்கள் கடைசி வரிசை எண்ணைப் போடுங்கள். இடங்களின் பெயரை ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்களா என்று முன்கூட்டியே பாருங்கள். ஒரு வரிசையில் "தாமான்" என்றும் இன்னொன்றில் "தமான்" என்றும் இருந்தால் எக்செல் அவற்றை இரண்டு இடமாக எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு பிள்ளை மட்டும் இருக்கும் இடத்தில் கழித்தால் இரண்டுமே பூஜ்யம்தான் வரும். அந்தப் பிள்ளை இந்தக் கணக்குக்கு எதையும் சொல்லாது.

கூட்டத்தில் சொல்ல வேண்டியது இடத்துக்குள் வந்த அந்தச் சாய்வை. "ஒரே தோட்டத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டால், வாரம் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகிறவர்கள் சராசரியாக இவ்வளவு புள்ளி கூடுதலாக எடுத்திருக்கிறார்கள், ஆனால் அதே மணி நேரம் போகும் பிள்ளைகளுக்குள் இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கிறது" என்று. என் எண்களில் மணிக்கு 2 புள்ளி, ஒரே மணி போகும் இருவருக்கிடையே 20 புள்ளி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பெற்றோருக்கும் விளங்கிவிடும். ஒட்டுறவு என்ற சொல்லே தேவைப்படாது.

இடவாரிச் சராசரியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. டவுனில் நடக்கும் வகுப்பை எந்தத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது, யாருக்கு வேன் ஏற்பாடு செய்வது என்று சங்கம் முடிவெடுக்கும்போது கேள்வியே இடங்களைப் பற்றியது. அங்கே எந்த இடம் பின்தங்கியிருக்கிறது என்று சராசரிதான் காட்டும். அப்போதும் 0.9 என்ற எண்ணைச் சாட்சியாக அழைக்காதீர்கள். நான்கைந்து இடங்களை வைத்துப் போட்ட ஒட்டுறவு, ஒரே ஓர் இடத்தை நீக்கினாலும் எங்கோ போய்விடக்கூடும். நீக்கிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

தனிப்பிள்ளைக் கணக்கும் பழுதில்லாதது அல்ல. டியூஷன் மணியை யாரிடம் கேட்டீர்கள்? பிள்ளையிடம் கேட்டு, அவர் உத்தேசமாகச் சொன்ன எண் என்றால் அதில் பிழை இருக்கும். அந்தப் பிழை தனிப்பிள்ளை ஒட்டுறவை உண்மையைவிடத் தாழ்த்திக் காட்டும். சராசரியில் கூடுதலாகச் சொன்னதும் குறைத்துச் சொன்னதும் ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் உங்கள் 0.4-க்கும் 0.9-க்கும் இடையேயான இடைவெளியில் ஒரு பகுதி, 0.4 தாழ்ந்து தெரிவதால்கூட வந்திருக்கலாம். டியூஷன் நிலையத்து வருகைப் பதிவேடு கிடைத்தால், பிள்ளைகள் சொன்ன எண்ணுக்குப் பதிலாக அதைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இது தோட்டப்புறத்தில் வழக்கமாக நடப்பது: கணக்கில் தடுமாறும் பிள்ளையைத்தான் வீட்டில் முதலில் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். நன்றாகப் படிக்கும் தம்பியோ தங்கையோ வீட்டிலேயே இருந்துவிடுகிறது. அப்படி என்றால் இடத்துக்குள் வரும் சாய்வு டியூஷனின் பயனைக் குறைத்துக் காட்டும். சராசரியாலும் இதைத் தீர்க்க முடியாது, நான் சொன்ன கழித்தலாலும் முடியாது. பட்டியலில் இன்னொரு பத்தி வேண்டும்: ஒவ்வொரு பிள்ளையும் ஐந்தாம் ஆண்டு இறுதியில் கணிதத்தில் எடுத்த புள்ளி. அது கிடைத்தால் C-யில் ஆறாம் ஆண்டுப் புள்ளிக்குப் பதிலாக இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டு, அதே சூத்திரங்களை மறுபடி ஓடவிடுங்கள். இரண்டு ஆண்டுத் தேர்வுத் தாள்களும் ஏறக்குறைய ஒரே கடினத்தில் இருந்தனவா என்று கணித ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வெவ்வேறு பள்ளிகள் வெவ்வேறு தாள் வைத்திருந்தால், A பத்தியில் இடத்தின் பெயரோடு பள்ளியின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள். கழிக்கும்போது தாளின் கடினமும் சேர்ந்து கழிந்துவிடும்.